அதே பெட்டிதான் வேணும்

2016 நவம்பரில் இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஒரு தந்தை, இரண்டு கைபிடி வைத்த சின்ன நீலக் குவளை ஒன்றின் படத்தை ட்விட்டரில் போட்டார். ஓட்டிசம் உள்ள அவருடைய பதினான்கு வயது மகன் இரண்டு வயதிலிருந்து அந்த வகைக் குவளையில் மட்டுந்தான் குடித்து வந்தான். வேறு எதில் கொடுத்தாலும் வாய் வைக்க மாட்டான். தண்ணீர் குடிக்காமல் உடல் வறண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் உண்டு. கையிலிருந்த குவளையோ பிய்ந்துபோகும் நிலையில் இருந்தது. அதைச் செய்த டொமி டிப்பி நிறுவனம் அந்த மொடலை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தைப் பார்த்தவர்கள் பல நாடுகளிலிருந்தும் தங்கள் அலுமாரிகளில் கிடந்த பழைய குவளைகளை அனுப்ப முன்வந்தார்கள். கொஞ்ச நாளில் நிறுவனமும் பதில் சொன்னது. அந்தக் குவளையை வார்த்த மோல்ட் சீனாவில் இன்னும் பாவிக்கக்கூடிய நிலையில் இருக்கிறது, அதிலிருந்து 500 குவளைகள் வார்த்துத் தருகிறோம் என்றது. ஒரு பிள்ளையின் ஆயுளுக்குப் போதுமான குவளைகள்.

அந்தப் பதிலில் கவனிக்க வேண்டிய சொல் மோல்ட். நீலச் சாயம் எங்கும் கிடைக்கும். பிளாஸ்ரிக் மணிகள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கிடைக்காத ஒரே பொருள், உருக்கிலே குடைந்தெடுத்த அந்தக் குழி வடிவம். அது குப்பைக்குப் போயிருந்தால் அந்தக் குவளை உலகத்தில் இல்லாமலே போயிருக்கும். ஒரு படத்தை வைத்துக்கொண்டு பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியையோ புத்தகப் பையையோ திரும்ப வாங்க நினைப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் சொல்ல வருவதும் இதைத்தான்: பொருளில் எதை மாற்றுவதற்குத் தயாரிப்பாளருக்கு அதிகம் செலவாகுமோ, அதை முதலில் பாருங்கள். எதை மாற்ற ஒன்றும் செலவாகாதோ, அதைக் கடைசியில் பாருங்கள். நம் கண்கள் இதற்கு நேர்மாறாக வேலை செய்கின்றன. பெட்டி என்றதும் மூடியிலிருக்கும் பூனைப் படந்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பூனை ஒரு மெல்லிய ஒட்டுப் படம். அடுத்த மாதமே அந்த இடத்தில் காரோ இளவரசியோ வந்துவிடும். மூடியைப் பூட்டுகிற நான்கு கிளிப்புகளும் அவை உட்கார்ந்திருக்கும் இடங்களும் மாற வேண்டுமென்றால் மோல்டையே புதிதாகக் குடைய வேண்டும். எத்தனையோ ஆயிரம் பெட்டிகளை விற்றுத்தான் ஒரு மோல்டின் விலையை எடுக்க முடியும் என்பதால், அதை எவரும் சும்மா மாற்றுவதில்லை.

இதை ஒரு படத்தில் வைத்துப் பார்ப்போம். கிளிநொச்சி மாவட்டத்தில் பூநகரிப் பக்கமுள்ள ஜெயபுரத்தில், ஒரு வீட்டுப் பிள்ளை தரம் ஒன்றுக்குப் போன முதல்நாள் எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். முற்றத்தில், பூசாத சீமெந்துக் கல் சுவருக்கு முன்னால், வெள்ளைச் சட்டையோடு பிள்ளை நிற்கிறது. முதுகில் பை, பையின் பக்கப் பொக்கற்றில் தண்ணிப் போத்தல், கையில் பூனைப் படம் ஒட்டிய சாப்பாட்டுப் பெட்டி. பெட்டி பஸ்ஸில் தொலைந்துவிட்டது. பையின் சிப் பிய்ந்து, வார் அறுந்து, அதையும் எறிந்தாகிவிட்டது. போத்தல் மட்டும் வீட்டில் இருக்கிறது. பிள்ளையோ "அதே பெட்டிதான் வேணும்" என்று நிற்கிறது. படத்தை எடுத்தவர் மாமா. அவரிடமிருந்து வட்ஸ்அப்பில் வந்திருக்கிறது.

முதலில் இந்தப் படத்தில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். வட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும். நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிகளுக்கு வந்துவிடும். படத்தின் உயரத்துக்குள் 1.6 மீற்றர் இடம் அடங்கியிருக்கிறது என்றால், ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி. இந்த ஒரு எண் கையில் இருந்தால் எதைத் தேடலாம், எதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது தெரிந்துவிடும். 18 சென்ரிமீற்றர் அகலப் பெட்டி 180 புள்ளிகள் பிடிக்கும்; அதன் வெளிக்கோடு தெளிவாகத் தெரியும். 3 சென்ரிமீற்றர் கிளிப் 30 புள்ளிகள்; எண்ணிப் பார்க்கலாம். 25 மில்லிமீற்றர் தோள் வார் 25 புள்ளிகள். அகலமா ஒடுக்கமா என்று சொல்லலாம். 3 மில்லிமீற்றர் உயரமுள்ள எழுத்துக்கு மூன்றே புள்ளிகள். அதில் எந்த எழுத்தும் தேறாது. ஒரு எழுத்தைச் சந்தேகமில்லாமல் வாசிக்கக் குறைந்தது பத்துப் புள்ளியாவது உயரம் வேண்டும். எனவே பெட்டியின் மேலுள்ள சின்ன எழுத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்ப்பதில் பயனில்லை. பெருப்பித்தால் புள்ளிதான் பெரிதாகும். செய்ய வேண்டியது மாமாவிடம் மூலப்படத்தைக் கேட்பது. அதையும் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும். 4000 புள்ளி நீளமுள்ள மூலப்படத்தில் அதே எழுத்து ஏழெட்டுப் புள்ளிக்கு ஏறும். வாசிக்க இன்னும் காணாது; சொல்லின் நீளத்தையும் எழுத்துகளின் எண்ணிக்கையையும் ஊகிக்கப் போதும்.

சுருக்கத்தில் எழுத்தைவிட அதிகம் அடிபடுவது நிறம். படக்கோப்புகள் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை முழுதாகவும் நிறத்தைக் கால்வாசி நுணுக்கத்திலும் சேமிக்கின்றன. கண் நிற விளிம்புகளில் கூர்மை குறைந்தது என்பதால் இந்த மிச்சப்படுத்தல் வழக்கமாக வெளியே தெரிவதில்லை. ஆனால் சிவப்பு மூடியில் ஊதாக் கிளிப் போன்ற சின்னச் சின்ன நிறப் பகுதிகள் ஒன்றோடொன்று கரைந்து மண்ணிறமாகிவிடும். இதற்கு மேல் கமராவின் சொந்தக் கணிப்பும் இருக்கிறது. மாலை வெயிலில் எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்று அது நீலத்தைக் கூட்டும்; நிழலில் வேறு கணக்குப் போடும். பிள்ளையின் சட்டை வெள்ளை என்பது நமக்குத் தெரிந்த உண்மை. படத்தில் அந்தச் சட்டை எந்த நிறத்துக்குச் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால், பையின் நிறமும் அதே பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சட்டை இளநீலமாக விழுந்திருந்தால் படத்திலுள்ள கருநீலப் பை உண்மையில் கறுப்பாக இருக்கக்கூடும். பாடசாலைச் சீருடை வெள்ளையாக இருப்பதில் இப்படியும் ஒரு வசதி.

அடுத்தது அளவு. பின்னாலிருக்கும் சுவரை அளவுகோலாக எடுத்துக்கொள்ளத் தோன்றும், ஏனென்றால் சீமெந்துக் கல் ஏறத்தாழ 16 அங்குல நீளம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கமராவுக்கும் சுவருக்கும் இடையே 2.4 மீற்றர், பிள்ளை சுவரிலிருந்து 40 சென்ரிமீற்றர் முன்னால் நிற்கிறது என்றால், பெட்டி கமராவிலிருந்து 2 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும்; 2.4 ஐ 2 ஆல் வகுத்தால் 1.2. சுவரை வைத்து அளந்தால் 18 சென்ரிமீற்றர் பெட்டி 21.6 சென்ரிமீற்றர் என்று வரும். இந்தப் பிழையோடு கடைக்குப் போனால் ஒரு சைஸ் பெரிய பெட்டியைத்தான் வாங்கி வருவோம். அளவுகோல் எப்போதும் பொருளுக்குப் பக்கத்தில், கமராவிலிருந்து அதே தூரத்தில் இருக்க வேண்டும். சட்டைப் பொத்தானைப் பிடிக்கலாமா என்றால், அது பதினொரு புள்ளி அகலந்தான். ஒரு புள்ளி தவறினாலே ஒன்பது சதவீதம் பிசகும்.

நல்ல அளவுகோல் பையின் பக்கப் பொக்கற்றிலேயே இருக்கிறது. தண்ணிப் போத்தல் வீட்டில் இருக்கிறதே. அடிமட்டத்தால் அளந்தால் 22 சென்ரிமீற்றர். படத்தில் போத்தல் 209 புள்ளி, பை 386 புள்ளி. 386 ஐ 209 ஆல் வகுத்து 22 ஆல் பெருக்கினால் 40.6 சென்ரிமீற்றர். அதாவது 16 அங்குலம். போத்தலை அளந்ததில் மூன்று புள்ளி தவறியிருந்தாலும் விடை 40 க்கும் 41.2 க்கும் இடையில்தான் நிற்கும். பிள்ளைகளின் பைகள் பெரும்பாலும் இரண்டிரண்டு அங்குலப் படிகளில் வருவதால் 14 உம் 18 உம் கழிந்துபோகின்றன. உயரத்தை இப்படி நம்பலாம். அகலத்தை நம்பக் கூடாது. பிள்ளை சற்றுத் திரும்பி நின்றால் பையின் அகலம் சுருங்கித் தெரியும், 30 பாகை திரும்பினாலே 13 சதவீதம் குறைந்துவிடும். கொப்பி நிறைந்த பை வேறு வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்.

அளவைவிட உறுதியான சாட்சி எண்ணிக்கை. பிள்ளை எப்படித் திரும்பி நின்றாலும், வெளிச்சம் எப்படி இருந்தாலும், மூடியில் நான்கு கிளிப் இருந்தால் அது நான்குதான். கோணம் மாறினால் நீளம் மாறும், விகிதம் மாறும், நிறமும் மாறும், எண்ணிக்கை மாறாது. பொருள்களின் வரிசையும் மாறாது: சிப்புக்கு மேலே வலைப் பொக்கற்றா, கீழேயா, கைபிடி மூடியோடு சேர்ந்ததா, பெட்டியோடு சேர்ந்ததா, தோள் வார் பையின் அடி மூலையில் தைத்திருக்கிறதா, சற்று மேலே பக்கத் தையலில் தைத்திருக்கிறதா. நமது படத்தில் தெரிவதை எழுதினால் இப்படி வரும்: பெட்டியில் முன்பக்கம் இரண்டு கிளிப், மற்றவை மறைவில், எனவே நான்காக இருக்கலாம், மூடியின் நடுவில் முட்டை வடிவப் பள்ளம், மூலைகள் நன்றாக உருண்டவை, கைபிடி இல்லை. பையில் இரண்டு பெரிய சிப் அறை, முன்னால் ஒரு சின்னது. இரு பக்கமும் வலைப் பொக்கற். நெஞ்சுக்குக் குறுக்கே பக்கிள் இல்லை. இந்த ஐந்தாறு வரிகள்தான் அந்த மொடலின் உருவ விவரம். ஒரு எச்சரிக்கை: முன்பக்கக் கமராவால் எடுத்த படமாக இருந்தால் சில கைபேசிகள் இடம் வலமாகப் புரட்டிச் சேமிக்கும். படத்தில் எங்காவது எழுத்து இருந்தால் அது வலமிருந்து இடமாக ஓடுகிறதா என்று ஒருதரம் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வலப்பக்கப் பொக்கற்றை இடப்பக்கம் தேடிக்கொண்டிருப்போம்.

இவ்வளவு பாடு எதற்கு, படத்தைக் கூகிள் லென்சில் போட்டால் அதுவே காட்டிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. 2017 இல் வந்த அந்த வசதி உண்மையிலேயே திறமானது. அதைப் பாவிக்கத்தான் வேண்டும். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து பாவிக்க வேண்டும். இப்படிப்பட்ட தேடல் ஒவ்வொரு படத்தையும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றி, அதற்குக் கிட்டவான எண் வரிசையுள்ள படங்களை எடுத்துக் காட்டுகிறது. எது கிட்டவானது என்பதை அது பயின்ற படங்கள் தீர்மானிக்கின்றன. 2019 இல் ஜெர்மனியின் டுபிங்கன் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பூனையின் உருவத்துக்கு யானைத் தோலைப் போர்த்திய படத்தைக் காட்டியபோது மனிதர்கள் பூனை என்றார்கள். அக்காலத்துப் படமறி வலையமைப்புகள் யானை என்றன. உருவத்தைவிட மேற்பரப்பின் கோலத்தை அவை நம்பின. இன்றைய அமைப்புகளில் இந்தச் சாய்வு குறைந்திருக்கிறது, மறையவில்லை. அதற்கு முந்திய தலைமுறை முறைகளும் இதே பக்கந்தான் சாய்ந்தன. கனடாவின் டேவிட் லோ 1999 இலும் 2004 இலும் எழுதிய புகழ்பெற்ற முறை, படத்தில் சட்டென்று வேறுபடும் சின்னச் சின்னப் புள்ளிகளைப் பிடித்து இரண்டு படங்களைப் பொருத்துகிறது. சித்திரம் போட்ட பையில் அப்படிப்பட்ட புள்ளிகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். வெறும் நீலப் பெட்டியில் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஆகவே படத்தேடலுக்குப் பூனையொட்டிய பெட்டியைக் கொடுத்தால் அது பூனையைத் தேடும். பூனை போட்ட குவளை, பூனை போட்ட பென்சில் பெட்டி, இரண்டு கிளிப் பெட்டியில் அதே பூனை எல்லாம் வரும். நமக்கு வேண்டிய நான்கு கிளிப் பெட்டி, இப்போது கார்ப் படத்தோடு விற்கப்படுவது, வராது. இதற்கு ஒரு கைவேலை இருக்கிறது: சித்திரத்தை விட்டுவிட்டு, கிளிப்பும் மூலையும் தெரியும் பகுதியை மட்டும் வெட்டிக் கொடுப்பது. பிறகு சித்திரத்தோடு முழுதாக ஒருதரம் கொடுப்பது. இரண்டு தேடலிலும் ஒரே பொருள் வந்தால் நம்பிக்கை கூடும். சொற்களால் தேடும்போதும் கார்ட்டூன் பெயரை விட்டு, எண்ணியதையும் அளந்ததையும் எழுதலாம்:

```
lunch box 4 side clips oval lid 18 cm
```

இன்னொரு குறையும் இருக்கிறது, அது படத்தேடலின் பிழை அல்ல. இணையத்தில் படம் ஏறாத பொருளை எந்தத் தேடலும் கண்டுபிடிக்க முடியாது. வன்னியின் கடைகளில் தொங்கும் பைகளில் பலவும் பெயரில்லாதவை. கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாக வருபவை. அவற்றுக்கு இணையப் பக்கம் கிடையாது. அப்படியான பொருளுக்கு மேலே எழுதிய உருவ விவரந்தான் தேடல். முழங்காவிலிலோ கிளிநொச்சியிலோ வாங்கிய கடைக்காரரிடம் "பூனைப் பெட்டி இருக்கா அண்ணை" என்று கேட்டால் இல்லை என்பார், பூனை தீர்ந்திருக்கும். "நாலு கிளிப், முட்டைப் பள்ள மூடி, உருண்ட மூலை, இதே மொடலில் வேறு படம் வந்திருக்கா" என்று படத்தையும் காட்டிக் கேட்டால் அலுமாரியின் பின்வரிசையைப் பார்க்க அவருக்குக் காரணம் கிடைக்கும்.

இனி பெட்டியே கையில் இருக்கும் நிலை. மூடி மட்டும் உடைந்து, அடிப்பெட்டி மிஞ்சியிருப்பது சாதாரணமாக நடப்பது. அல்லது அதே பெட்டி அயல்வீட்டுப் பிள்ளையிடம் இருக்கலாம். அப்போது எடுக்க வேண்டிய படம் முற்றிலும் வேறு. பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் மட்டும் படம் முழுதும் நிறையும்படி எடுக்க வேண்டும். 24 சென்ரிமீற்றர் இடம் 1600 புள்ளிக்குள் வந்தால் மில்லிமீற்றருக்கு ஆறரைப் புள்ளிக்கு மேல். 3 மில்லிமீற்றர் எழுத்து இருபது புள்ளி உயரத்தில் தெளிவாக நிற்கும். ஆனால் அந்த எழுத்துக்கு நிறமில்லை. பிளாஸ்ரிக்கிலேயே பிளாஸ்ரிக்காகப் புடைத்திருக்கும். நேராக வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. இருட்டறையில் இன்னொரு கைபேசியின் ரோர்ச்சைப் பெட்டியின் அடியோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால், ஒவ்வொரு புடைப்பும் நிழல் போடும். எழுத்துகள் எழும்பி வரும். கமரா இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. பிள்ளைகள் காசுக்கு மேல் கொப்பித் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுப்பார்களே, அதே வேலையை இங்கும் செய்யலாம். மெல்லிய தாளும் மொட்டைப் பென்சிலும் போதும்.

எழுந்து வரும் எழுத்துகளில் எது மொடல் எண் என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். முக்கோண அம்புக்குறிக்குள் 5 என்றிருந்தால் அது பொலிபுரொபிலீன் என்ற பிளாஸ்ரிக் வகை. 1988 இல் அமெரிக்கப் பிளாஸ்ரிக் தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்த அடையாளம் அது. உலகத்தில் பாதிச் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் போலிருக்கிறது. குவளையும் முள்ளுக்கரண்டியும் சேர்ந்த சின்னம் உணவு வைக்கலாம் என்பதற்கு. எவர்சில்வர் பெட்டியின் அடியில் 304 என்றோ 18/8 என்றோ இருந்தால் அது உலோகத்தின் தரம். தனியாக 1, 2, 3, 4 என்று ஒற்றை எண் இருந்தால், ஒரே மோல்டில் ஒரு தடவைக்கு நான்கு பெட்டி வார்க்கும்போது இது எந்தக் குழியில் வந்தது என்று தொழிற்சாலை தனக்காகப் போட்ட குறி. பையிலும் இப்படித்தான்: சிப்பில் ஒய்கேகே என்றிருந்தால் அது 1934 இல் தொடங்கிய ஜப்பானியச் சிப் நிறுவனம், பையைத் தைத்தவர் வேறு யாரோ. இவை எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுகிற நான்கைந்து இலக்கம், பெரும்பாலும் ஒரு பெயருக்கோ சின்னத்துக்கோ பக்கத்தில் இருப்பது, அதுவே தேட வேண்டியது. டப்பர்வேர் போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இப்படி மோல்ட் எண் இட்டுவந்ததால்தான், பழைய பெட்டிக்கு மூடி தேடுகிறவர்கள் இன்றும் நிறத்தைச் சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லித் தேடுகிறார்கள். சில பெட்டிகளில் மணிக்கூடு முகம் போல ஒரு சின்ன வட்டமும் இருக்கும்: சுற்றிவர 1 முதல் 12 வரை, நடுவில் ஒரு அம்பும் இரண்டு இலக்கமும். அம்பு காட்டுவது வார்த்த மாதம், நடுவிலிருப்பது ஆண்டு. நடுவில் 17 என்றிருந்தால் புதுக் கடைகளில் அலையாமல், பழைய சரக்கு கிடக்கும் கடைகளைப் பார்ப்பது புத்தி.

மோல்டை இவ்வளவு நம்பலாமா, பார்த்துச் செய்த போலிகள் இல்லையா என்று கேட்கலாம். நிறைய இருக்கின்றன. மோல்டுகளே கைமாறி விற்கப்படுவதும் உண்டு. அப்போது பெயர் வேறாக இருந்தாலும் பெட்டி அதே பெட்டியாக இருக்கும், நமக்கு அது நல்லது. போலி வேறு கதை. பொலிபுரொபிலீன் சூட்டில் வார்த்துக் குளிரும்போது ஒன்று முதல் இரண்டரைச் சதவீதம் வரை சுருங்கும். அதற்காக மோல்டைக் கொஞ்சம் பெரிதாகக் குடைவார்கள். கடையில் வாங்கிய பெட்டியையே அச்செடுத்து, சுருக்கத்துக்கு இடம் விடாமல் ஒருவர் மோல்ட் செய்தால், அவருடைய பெட்டி இன்னொரு தடவை சுருங்கியதாக வரும். 180 மில்லிமீற்றர் நீளம் 177 ஆக நிற்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பழைய மூடியைப் போட்டால்தான் தெரியும்: மூன்று கிளிப் பூட்டும், நாலாவது ஏறாது, அல்லது ஏறிக் கடகடக்கும். மூடி தேடிப் போகிறவர் அடிப்பெட்டியைக் கையோடு கொண்டு போவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். திறமையான போலிக்காரர் சுருக்கத்தையும் கணக்கில் எடுத்திருப்பார், உண்மைதான். அப்போது பெட்டியின் உள்ளேயும் அடியிலும் பார்க்கலாம். வார்த்த பெட்டியை மோல்டிலிருந்து தள்ளிவிடும் ஊசிகள் சின்ன வட்டத் தடங்களையும், பிளாஸ்ரிக் உள்ளே நுழைந்த வாய் ஒரு புள்ளித் தழும்பையும் விட்டுப் போகும். அவை இருக்கும் இடங்களைப் பார்த்துக் காப்பியடிக்க எவருக்கும் அவசியம் வருவதில்லை.

இந்த வாதம் பைக்கு முழுதாகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பை மோல்டில் வார்க்கப்படுவதில்லை. துணியை வெட்டித் தைப்பது. வெட்டும் அளவை மாற்ற உருக்கைக் குடைய வேண்டியதில்லை, புது மட்டை வெட்டினால் போதும். ஒரே பெயரில், ஒரே சித்திரத்தில், இந்த வருடத்துப் பைக்கு இரண்டு அறையும் அடுத்த வருடத்துப் பைக்கு மூன்று அறையும் வரலாம். ஆகவே பையில் "அதே மொடல்" என்பது பெட்டியில் இருப்பதுபோல இறுகிய உண்மை அல்ல. அங்கே தைத்த துணிச் சீட்டுத்தான் கூடிய சாட்சி: பெரிய அறைக்குள், பக்கத் தையலில் சொருகித் தைத்திருக்கும். கடையில் தொங்கிய மட்டைச் சீட்டில் பொருள் எண் இருந்திருக்கும். அதைத்தான் எல்லாரும் முதல்நாளே கிழித்து எறிவது. அதிலுள்ள கோட்டுக் குறியின் பதின்மூன்று இலக்கமும் அந்தப் பொருளின் அந்த நிறத்துக்கே உரியவை. முதல் மூன்று இலக்கம் 479 என்றால் இலங்கையிலும் 890 என்றால் இந்தியாவிலும் பதிந்த நிறுவனம் என்று மட்டும் அர்த்தம். எங்கே தைத்தது என்பதை அது சொல்லாது.

கடைசி ஆட்சேபம் பிள்ளையிடமிருந்து வரும், அதுதான் கனமானது. பிள்ளைக்கு வேண்டியது பூனை. மோல்ட் எண்ணையும் ஊசித் தடத்தையும் கொண்டுபோய் ஆறு வயதுப் பிள்ளையிடம் நியாயம் பேச முடியாது. எனவே எது "அதே" என்பதைத் தேடலுக்கு முன்னால் பிள்ளையிடமே கேட்க வேண்டும். பூனைதான் என்றால் மேலே சொன்ன வரிசையைத் தலைகீழாக்கி, சித்திரத்தை முதலில் தேடுங்கள். கிளிப் இரண்டோ நான்கோ பரவாயில்லை. சில பிள்ளைகளுக்கு அது பூனை அல்ல. மூடி பூட்டும்போது கேட்கும் சத்தம், விரலுக்கு லேசாகத் திறக்கும் கிளிப், சோற்றில் சொதி கலக்காத தடுப்பு, இவைதான் அவர்களுடைய பெட்டி. டெவன் பிள்ளைக்கும் பழகிய வகையைத் தவிர வேறு எந்தக் குவளையும் குவளையாகவே படவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பூனை போட்ட வேறு பெட்டியைக் கொடுத்தால் அது சாப்பிடாமல் திரும்பி வரும். பூனையில்லாத அதே மோல்டுப் பெட்டியை, பழைய ஒட்டுப் படத்துக்குப் பதிலாக வேறொன்றை ஒட்டிக் கொடுத்தால், ஏற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

படத்தைப் பலருக்கு அனுப்பிக் கேட்பதென்றால் பையையும் பெட்டியையும் மட்டும் வெட்டி அனுப்புங்கள். பிள்ளையின் முகமும், சட்டையிலுள்ள பாடசாலைச் சின்னமும், பையில் எழுதிய பெயரும் பெட்டி தேடுகிறவருக்குத் தேவையில்லை. அதோடு, இப்போது வீட்டில் நல்ல நிலையில் இருக்கும் பெட்டியை இன்றிரவு கழுவியதும் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் அடிப்பக்கத்தை ஒன்று, மூடியைத் திறந்து உள்ளே ஒன்று, அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒன்று என மூன்று படம் எடுத்து வையுங்கள். பைக்கு அந்த மட்டைச் சீட்டைக் கிழிக்குமுன் ஒரு படம் போதும்.